பரிசுப் பெட்டி வாசகம்: வரி தனியா, வரி உட்படவா?

தீபாவளிக்கு முன்பு நிறுவனங்களிடம் மொத்த ஆர்டர் எடுக்கும் எங்களைப் போன்ற சிறிய தயாரிப்பாளர்களுக்கு, பெட்டியின் படத்துக்குக் கீழே வரும் நான்கு வரி வாசகம்தான் முதல் விற்பனையாளர். சென்ற பருவத்துக்கு எங்களிடம் இரண்டு வாசகங்கள் தயாராக இருந்தன. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். இனியும் அதையே பயன்படுத்துவோம்.

முதல் வாசகம்: “உங்கள் ஊழியர்களின் இல்லங்களில் இனிமை பொங்கட்டும்! இனிப்பு, காரம், முந்திரி, பவர் பேங்க் அடங்கிய தீபாவளிப் பரிசுப் பெட்டி. விலை ரூ.900, ஜிஎஸ்டி தனி. மொத்த ஆர்டருக்கு அழையுங்கள்.”

இரண்டாவது வாசகம்: “இனிப்பு, காரம், முந்திரி, பவர் பேங்க் அடங்கிய தீபாவளிப் பரிசுப் பெட்டி. ஜிஎஸ்டி உட்பட ரூ.1,062. குறைந்தது 50 பெட்டிகள். உங்கள் லோகோவுடன் வேண்டுமெனில் பண்டிகைக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே ஆர்டர் உறுதியாக வேண்டும்.”

முதலாவது படிக்க இதமாக இருக்கிறது, விலையும் குறைவாகத் தெரிகிறது. இரண்டாவது வறண்டது என்றாலும், குறைந்தபட்ச எண்ணிக்கையையும் கடைசி நாளையும் சொல்லிவிடுவதால் பத்துப் பெட்டி கேட்கும் அழைப்புகள் குறைகின்றன. இவற்றை விளக்கத் தேவையில்லை. முடிவைத் தீர்மானித்தது வரிதான்.

நிறுவனங்கள் வாங்கும் பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் என்பதால், அவர்களுக்கு விலையை வரி நீக்கிச் சொல்வதே முறை என்று பலரும் நினைக்கிறார்கள். அலுவலகத்துக்கு வாங்கும் நாற்காலிக்கு அது பொருந்தும். பரிசாகக் கொடுத்துவிடும் பொருளுக்குப் பொருந்தாது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(h) பிரிவு, பரிசாக வழங்கப்பட்ட பொருட்களுக்கு அந்த வரவை மறுக்கிறது. ஆகவே கிண்டியிலோ அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு அந்த வரி முழுவதும் செலவுதான், வரியையும் சேர்த்த தொகைதான் பெட்டியின் உண்மையான விலை.

எவ்வளவு வரி என்பதை வாங்குபவர் சரியாக ஊகிக்கவும் முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் இனிப்பு, காரம், முந்திரி எல்லாம் 5 சதவீதத்தில் இருப்பதால், பெட்டியின் படத்தைப் பார்ப்பவர் 5 சதவீதம் என்றே கணக்குப் போடுவார். பவர் பேங்குக்கோ 18 சதவீதம். தனித்தனியாக விற்கக்கூடிய பொருட்களை ஒன்றாகக் கட்டி ஒரே விலைக்கு விற்றால் சட்டம் அதைக் கலப்பு வழங்கல் என்று கொள்கிறது. உள்ளே இருப்பவற்றில் எதற்கு வரி அதிகமோ அந்த விகிதமே பெட்டி முழுவதற்கும் விழும். இனிப்புக்கும் 18 சதவீதம்தான்.

இருநூறு ஊழியர்களுக்கு, தலைக்கு ரூ.1,000 என்று இரண்டு லட்சம் ஒதுக்கிய நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். முதல் வாசகத்தைப் படிக்கும் மனிதவள அதிகாரி ரூ.900-உடன் 5 சதவீதத்தைச் சேர்த்து ரூ.945 என்று எண்ணி, மொத்தம் ரூ.1,89,000 என மேலிடத்தில் ஒப்புதல் வாங்கிவிடுவார். எங்கள் பில்லில் வருவது ரூ.2,12,400. இடைவெளி ரூ.23,400, ஒதுக்கீட்டையும் தாண்டிவிடுகிறது. திருவல்லிக்கேணியில் லோகோ அச்சுக்குக் கொடுத்த பிறகு இது தெரியவந்தால், ஆர்டரைக் குறைப்பதா, வித்தியாசத்தை நாங்கள் ஏற்பதா என்ற பேச்சில் பண்டிகை வாரமே கழிந்துவிடும். இரண்டாவது வாசகத்தைப் படிப்பவர் ரூ.1,062 தன் ஒதுக்கீட்டுக்கு மேல் என்று அன்றைக்கே அறிந்து, விலகிக்கொள்வார் அல்லது வேறு பெட்டி கேட்பார். இரண்டுமே இரு தரப்புக்கும் நல்லது.

ரூ.1,062 என்ற எண்ணைப் பார்த்ததுமே கடந்துபோகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். எங்கள் ஆர்டர்களில் பெரும்பாலானவை வாட்ஸ்அப் வழியே, நேராகக் கொள்முதல் செய்பவரிடமிருந்து வருபவை. இன்ஸ்டாகிராமில் எங்கள் அனுபவம் குறைவு என்பதால், அங்கே வாழ்த்துடன் தொடங்கும் வாசகத்தின் ஈர்ப்பை நான் குறைத்து மதிப்பிடுவதாகவும் இருக்கலாம். அங்கும் வாழ்த்தை முதல் வரியில் வைத்துக்கொண்டு, வரி உட்பட்ட விலையை அடுத்த வரியிலேயே சொல்லிவிடலாம். ‘மேலும்’ என்ற இடத்துக்குப் பின்னால் அது ஒளிந்துவிடக் கூடாது.

இரண்டாவது வாசகத்தை ஏற்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே படத்துக்குக் கீழே ‘பவர் பேங்க் இல்லாமலும் கிடைக்கும்’ என்று சேர்த்தால் குழப்பம் திரும்பவும் வந்துவிடும். பவர் பேங்கை எடுத்ததும் பெட்டியின் அடக்கம் மட்டுமல்ல, வரி விகிதமும் மாறிவிடுகிறது: ரூ.620-உடன் 5 சதவீதம் சேர்ந்து ரூ.651 ஆகிறது. அதனால் அந்தப் பெட்டிக்குத் தனிப் படமும், அதன் கீழே ‘ஜிஎஸ்டி உட்பட ரூ.651’ என்ற தனி வாசகமும் வைத்திருக்கிறோம்.