பாட்டிலின் தோள்: ஒரே லாஃப்டா, தனித்தனிப் பேட்ச்சா?

சென்ற மாதம் 200 மில்லி தலைமுடி எண்ணெய் பாட்டில் ஒன்றின் மாடலை முடித்துக் கொடுத்தேன். பெட் பிளாஸ்டிக், கண்ணாடி மாதிரி பளபளப்பு. உடம்பு நீள்வட்டம், 62க்கு 38 மி.மீ. கழுத்துக்குக் கீழே 28 மி.மீ. வட்டம். இரண்டுக்கும் நடுவில் 25 மி.மீ. உயரத் தோள். நீள்வட்டம் வட்டமாக மாறுவது அந்த 25 மி.மீ.க்குள்தான், வேலை பூராவும் அங்கேதான் இருந்தது. சாலிட்வொர்க்ஸில் இதற்கு இரண்டு வழி இருக்கிறது: அடியிலிருந்து கழுத்துவரை ஒரே லாஃப்ட்; அல்லது உடம்பைத் தனியாகவும் தோளைத் தனியாகவும் போட்டு G2வில் இணைப்பது. ரைனோவில் மூன்றாவதாக ஒரு வழி உண்டு. மூன்றையும் முயன்று பார்த்தேன். இரண்டாவதைத்தான் வைத்துக்கொண்டேன், அதனால் கீழே அதற்கே அதிக இடம்.

பெயர்களைப் பற்றி ஒரு வரி. இரண்டு பரப்பு ஓரத்தில் ஒட்டினால் G0, ஒரே திசையில் போனால் G1, வளைவின் அளவும் ஒத்துப்போனால் G2. செங்குத்தான சுவரோடு 20 மி.மீ. ஆர வில்லைத் தொடுகோடாகச் சேர்த்தால் கிடைப்பது G1. சுவரின் வளைவு 0, வில்லின் வளைவு 1/20, அதாவது 0.05. ஓரத்தில் அது சடாரென்று தாவுகிறது. கையால் தடவினால் தெரியாது. பளபளப்பான பாட்டிலில் டியூப்லைட்டின் பிம்பம் அந்த இடத்தில் முறிந்து நிற்கும், அது எல்லார் கண்ணுக்கும் படும். மேட் ஃபினிஷில் வரும் ஹெச்டிபிஇ பாட்டில் என்றால் நான் இவ்வளவு மெனக்கெட மாட்டேன், G1 போதும்.

முதலில் ஒரே லாஃப்ட். அடி, நடு, தோள் தொடங்கும் இடம், கழுத்து என்று நான்கு ப்ரொஃபைல். முன்புறம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று கைடு கர்வ். பத்து நிமிடத்தில் பாட்டில் நிற்கிறது. உள்ளே ஓரமே இல்லாததால் G2 பற்றிக் கவலை வேண்டாம் என்றுதான் முதலில் தோன்றும். ப்ரொஃபைலை ஒரே நீள்வட்டமாக வரைந்தால் அது ஓரளவு உண்மையும்கூட. வில்களை ஒட்டி வரைந்தால் ஒவ்வொரு ஒட்டும் மேலிருந்து கீழ்வரை ஒரு தையல்கோடாக இறங்கிவிடும், அந்தத் தப்பை மட்டும் செய்யாதீர்கள்.

எனக்கு அது உதைத்த இடம் லேபிள். ஸ்டிக்கர் சுருக்கமில்லாமல் ஒட்ட வேண்டுமானால் அந்தப் பகுதி ஒரு திசையில் மட்டும்தான் வளையலாம், மேலும் கீழுமாக நேர்கோடாகவே இருக்க வேண்டும். லாஃப்டுக்கு அந்தக் கட்டாயம் தெரியாது. கீழே மூன்று ப்ரொஃபைல் ஒரே அளவு, நாலாவது திடீரென்று சிறிது. உள்ளே வளையப் போகும் ஸ்பிளைன் அதற்கு முன்பு கொஞ்சம் வெளியே உப்பிக்கொள்கிறது. கைடு கர்வ் இருக்கும் முன்புறத்திலும் பக்கவாட்டிலும் அடங்கி நிற்கிறது, இரண்டுக்கும் நடுவில் மூலைவாட்டில் வயிறு போடுகிறது. 45 டிகிரியில் ஒரு தளம் வெட்டி, வெட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு நேர்கோட்டோடு ஒப்பிட்டால் பிடிபட்டுவிடும். முன்பார்வையிலும் பக்கப்பார்வையிலும் மட்டும் பார்த்தால் பாட்டில் சுத்தமாகத்தான் இருக்கும், அங்கேதான் ஏமாறுவோம். இன்னொரு கைடு கர்வ் சேர்த்தேன். வயிறு அடங்கியது, அதற்குப் பதிலாக அதன் இருபுறமும் மெல்லிய அலை வந்தது.

லேபிளே இல்லாமல், அடிமுதல் கழுத்துவரை ஒரே ஓட்டமாக வளையும் பாட்டில் என்றால் நானும் ஒரே லாஃப்டைத்தான் எடுப்பேன்.

இனி நான் வைத்துக்கொண்ட வழி. இதில் முழு பாட்டில் போடுவதில்லை, கால் பாட்டில்தான். கால் நீள்வட்டத்தை நேராக மேலே இழுத்தால் உடம்பு. அது இழுத்த பரப்பு என்பதால் லேபிள் இடம் தானாகவே நேர். தோளுக்கு `Boundary Surface`. `Direction 1`இல் உடம்பின் மேல் ஓரமும் கழுத்தின் கால் வட்டமும். `Direction 2`இல் முன்புற, பக்கவாட்டுத் தோள் கோடுகள் இரண்டு. உடம்பின் ஓரத்துக்கு `Curvature to Face`. தோள் கோடுகள் இரண்டுக்கும் `Normal to Profile`. கழுத்துப் பக்கம் எதுவும் கேட்கவில்லை. அங்கே வளையம் வந்து மூடிவிடும், G2வை அங்கே செலவழிப்பது வீண்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். தோள் கோட்டின் ஸ்கெட்ச்தான் முதல் இடம். பரப்பிடம் `Curvature to Face` கேட்டுவிட்டு, அதைத் தாங்கும் கோட்டைச் சுவரோடு வெறும் தொடுகோடாக விட்டால் இரண்டு கட்டளையும் முட்டிக்கொள்ளும். ஒன்று ஃபீச்சர் தோற்கும், அல்லது அதைவிட மோசமாக, தோற்காமல் மூலையில் சின்னச் சுருக்கத்தோடு நிற்கும். அதனால் ஸ்பிளைனுக்கும் சுவரின் கோட்டுக்கும் `Equal Curvature` உறவு கொடுக்க வேண்டும். சுவர் நேர்கோடு, ஆகவே ஸ்பிளைனும் அந்த முனையில் வளைவு 0வில்தான் புறப்படும். கர்வேச்சர் காம்ப் போட்டால் பற்கள் சுவர் முனையில் பூஜ்யத்திலிருந்து மெல்ல எழ வேண்டும். எழும்ப இடம் வேண்டுமே! முதலில் 3 மி.மீ.க்குள் முழு வளைவுக்கும் கொண்டுபோகப் பார்த்தேன். கணக்குப்படி G2தான், ஆனால் ஜீப்ரா கோடுகள் அந்த இடத்தில் கிள்ளிவிட்ட மாதிரி இருந்தன. 8 மி.மீ. விட்டபிறகுதான் அடங்கியது. G2 என்ற பெயருக்காக மட்டும் G2 போட்டால் G1 மாதிரியேதான் தெரியும்.

இரண்டாவது, கண்ணாடிப் பிம்பமாக மிரர் செய்யும் தளம். அங்கே எப்படி G2 கொண்டுவருவது என்று பலர் திணறுகிறார்கள், நானும் ஒரு காலத்தில் திணறினேன். அங்கே தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஓரம் முழுக்கப் பரப்பு மிரர் தளத்துக்குச் செங்குத்தாக வந்து சேர்ந்தால் போதும். அந்தப் பக்கம் இருப்பது இதே பரப்பின் பிம்பம்தானே, வளைவின் அளவு இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் இருக்கும். `Normal to Profile` கொடுத்தது அதற்காகத்தான். ஆனால் வளைவு அந்த ஓரத்தை நோக்கி ஏறிக்கொண்டே வந்தால், அந்தப் பக்கம் அதே வேகத்தில் இறங்கும். காம்பில் கூரை முகடு மாதிரி ஒரு முனை தெரியும். அது G3இன் குறை. என் பாட்டிலில் கண்ணுக்குத் தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

சோதிக்கும்போது `Deviation Analysis`ஐ மட்டும் நம்பாதீர்கள். அது பரப்புகளுக்கு நடுவில் உள்ள கோணத்தைத்தான் சொல்லும். 0 டிகிரி என்று காட்டினால் G1 சரி, அவ்வளவுதான். `Zebra Stripes` போட்டு, பட்டைகள் தோள் ஓரத்தைக் குறுக்கே கடக்கும்படி மாடலைச் சுழற்றிப் பாருங்கள். பட்டை விலகி நின்றால் G0. ஒட்டி முழங்கை மாதிரி மடங்கினால் G1. ஓரம் எங்கே என்றே தெரியாமல் வழுக்கிக்கொண்டு போனால் G2.

ரைனோவை இங்கே சொல்லிவிடுகிறேன். உடம்புக்கும் கழுத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டு `BlendSrf`இல் இரண்டு ஓரத்துக்கும் Curvature தேர்ந்தெடுத்து, ஸ்லைடரை நகர்த்திக்கொண்டே உருவம் பிடிக்கலாம். ஸ்கெட்ச்சில் அரை நாள் போராடியதை அது சில நிமிடத்தில் கொடுத்தது, ஜீப்ராவும் சாலிட்வொர்க்ஸில் வந்ததைவிட ஒரு மாற்று அழகாகவே இருந்தது. `NetworkSrf`ஐயும் போட்டுப் பார்த்தேன். கட்டுப்பாட்டுப் புள்ளிகள் நெருக்கமாக வந்து, பிறகு கை வைக்கவே முடியவில்லை. எனக்கு ரைனோ பழக்கம் குறைவு, அதில் ஊறினவர்கள் இன்னும் நன்றாகச் செய்வார்கள். ஏலியஸ் நான் தொட்டதே இல்லை.

அப்படியிருந்தும் பேட்ச் வழியை எடுத்ததற்குக் காரணம் அழகு இல்லை. மாடல் கொடுத்த பிறகு வரும் போன்.

வந்தது. உள்கொள்ளளவு 203 மில்லிதான் வருகிறது, விளிம்புவரை நிரப்பினால் 214 வேண்டும், 11 குறைகிறது. உயரத்தைக் கூட்ட முடியாது, அட்டைப்பெட்டி அச்சாகிவிட்டது. ஆக, தடிமனை 38இலிருந்து 40 ஆக்க வேண்டும். உள்ளே நீள்வட்டம் 61க்கு 37 என்பது 61க்கு 39 ஆகிறது. பரப்பளவு π/4 × 61 × 2, ஏறக்குறைய 96 சதுர மி.மீ. கூடுகிறது. உடம்பு உயரம் 100 மி.மீ., ஆகவே 9.6 மில்லி. மிச்சத்துக்குத் தோள் தொடங்கும் கோட்டை 3 மி.மீ. மேலே ஏற்றினேன்; தோள் 25இலிருந்து 22 ஆனது, அதில் இரண்டு மில்லிக்குக் கொஞ்சம் மேலே கிடைத்தது.

பேட்ச் மாடலில் இது இரண்டு எண்ணை மாற்றும் வேலை. நீள்வட்டம் மாறியது, உடம்பு மாறியது, தோள் கோடு சுவரின் முனையைப் பிடித்துக்கொண்டே நகர்ந்தது, `Curvature to Face` புது ஓரத்தைத் தானே தேடிக்கொண்டது. முதல் தடவை பக்கவாட்டு ஸ்பிளைன் மட்டும் லேசாக வளைந்து திரும்பியது, ஒரு புள்ளிக்கு அளவு கொடுக்காமல் மிதக்க விட்டிருந்தேன். அதைக் கட்டியதும் சரி. ஜீப்ரா பார்த்து அனுப்பியது வரை ஒரு மணி நேரம் ஆகவில்லை.

அதே மாற்றத்தை ஒரே லாஃப்ட் கோப்பிலும் செய்து பார்த்தேன், வீம்புக்குத்தான். லாஃப்ட் உடையவில்லை. ஆனால் தோள் மூன்று மி.மீ. குட்டையானதும் வளைவு கூர்மையாகி, மூலைவாட்டு வயிறு முன்பைவிடப் பெரிதாகிவிட்டது. நான் அலை வராமல் தட்டிக்கொட்டி வைத்திருந்த மூன்றாவது கைடு கர்வை மறுபடி முதலிலிருந்து வரைய வேண்டும். ரைனோவில், `BlendSrf`ஐ ஹிஸ்டரி பதிவு செய்யாமல் போட்டிருந்தேன். உடம்பை மாற்றினால் தோள் பழைய இடத்திலேயே தொங்கும். அழித்து, மறுபடி பிளெண்ட் செய்து, மறுபடி ஸ்லைடர் நகர்த்த வேண்டும். ஒரு தடவை என்றால் பரவாயில்லை. இந்த பாட்டிலுக்கு அதற்குப் பிறகும் இரண்டு மாற்றம் வந்தது, மோல்டுக்குப் போகும்வரை வந்துகொண்டேதான் இருக்கும்.

பேட்ச் வழியில் எனக்கு இன்னும் பிடிபடாதது மூலை நடுப்பகுதி. தோள் பரப்பு நான்கு ஓரத்தால் மட்டும் கட்டப்பட்டது, 45 டிகிரியில் என்ன வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அதுவாகத் தீர்மானித்துக்கொண்டது. இந்த பாட்டிலில் நன்றாக வந்தது. உடம்பு நீள்வட்டமாக இல்லாமல் வட்டமூலைச் செவ்வகமாக இருந்திருந்தால் இப்படி விட்டிருக்க முடியுமா என்று செய்து பார்க்காமல் சொல்ல மாட்டேன். அடிப்பக்கத்தை G1 ஃபில்லெட்டோடு விட்டிருக்கிறேன், அலமாரியில் நிற்கும்போது அங்கே யாருக்கும் வெளிச்சம் தெரிவதில்லை.