தினாரை விடுவதா, ரூபாயாக்குவதா: ஓர் அரபுக் கணக்கின் தமிழாக்கம்

குவைத்துப் பள்ளிகளில் வழங்கும் கொள்முதல் கணக்குகளின் பாணியில் அமைந்த ஓர் அரபுக் கணக்கை, தசம எண்கள் படிக்கும் பிள்ளைகளுக்காக அண்மையில் தமிழில் எழுத வேண்டியிருந்தது. அதன் தமிழ் வடிவம் இது:

"ஃபாத்திமா முபாரகியா சந்தையில் இரண்டரைக் கிலோகிராம் பேரீச்சம்பழம் வாங்கினாள். ஒரு கிலோகிராமின் விலை ஒரு தினார் எழுநூற்று ஐம்பது ஃபில்ஸ். பிறகு இரண்டு டப்பா தேன் வாங்கினாள். ஒரு டப்பாவின் விலை மூன்று தினார் இருநூற்று ஐம்பது ஃபில்ஸ். கடைக்காரரிடம் இருபது தினார் தாள் ஒன்றைக் கொடுத்தாள். அவளுக்கு மீதி எவ்வளவு கிடைக்கும்?"

இப்படித் தினாரையும் ஃபில்ஸையும் அப்படியே விடுவது ஒரு வழி. பிள்ளைகளுக்குப் பழகிய ரூபாய்க்கு மாற்றிவிடுவது மற்றொரு வழி. நான் முதல் வழியையே தேர்ந்தேன். கிலோகிராம் எங்கும் ஒன்றே என்பதால் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பெயர்களையும் சந்தையையும் மாற்றலாமா என்பது சுவை சார்ந்தது. விடையை அது தொடாது. முடிவைத் தீர்மானிப்பது பண அலகு ஒன்றுதான்.

குவைத் தினாருக்கு ஆயிரம் ஃபில்ஸ். ஆகவே அங்கே விலைகள் தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்களோடு எழுதப்படுகின்றன. பேரீச்சம்பழத்தின் விலை 1.750 தினார், இரண்டரைக் கிலோவுக்கு 4.375 தினார். தேனுக்கு 6.500 தினார். மொத்தம் 10.875 ஆகிறது, மீதி 9.125 தினார். இதில் எந்த எண்ணும் தோராயமானதல்ல. ஒன்பது தினாரைத் தாள்களாகவும், 125 ஃபில்ஸை நூறு, இருபது, ஐந்து ஃபில்ஸ் நாணயங்களாகவும் கடைக்காரர் எண்ணிக் கொடுத்துவிட முடியும்.

இப்போது தினார் என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு ரூபாய் என்று எழுதிப் பாருங்கள். ஒரு கிலோ பேரீச்சம்பழம் ஒன்றே முக்கால் ரூபாய் என்பதைப் படித்து வகுப்பு சிரிக்கும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டரைக் கிலோவுக்கு 4.375 ரூபாய் என்று வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ரூபாய்க்கு நூறு பைசாதான் என்று அறிந்த பிள்ளை அதை 4.38 என்று முழுமையாக்கும், மொத்தத்தை 10.88 என்று எழுதும், மீதியாக 9.12 ரூபாய் என்ற விடையைத் தரும். விடைக்குறிப்பிலோ 9.125 இருக்கும். பிள்ளையின் கணக்கில் பிழையில்லை. அலகை மாற்றியவர் மூன்றாம் தசம இலக்கத்துக்கு இடமில்லாமல் செய்துவிட்டார். நாணய மாற்று வீதத்தைக் கொண்டு பெருக்குவது இதைவிட மோசமானது, ஏனென்றால் அந்த வீதம் நாளுக்கு நாள் மாறும், எண்களும் கணக்குக்கு ஒத்துவராத துண்டுகளாக வந்து விழும்.

ரூபாய்ப் பக்கத்தில் நேர்மையான வழி ஒன்று உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். எல்லா விலைகளையும் நூறால் பெருக்கிவிட்டால் பழம் கிலோ 175 ரூபாய், தேன் டப்பா 325 ரூபாய் என நம்பத்தக்க விலைகளே வருகின்றன. மொத்தம் 1,087 ரூபாய் 50 பைசா. நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்களைக் கொடுத்தால் மீதி 912 ரூபாய் 50 பைசா. பெருக்கலையும் கழித்தலையும் பயிற்றுவிப்பது மட்டும் நோக்கமென்றால் இதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூலக் கணக்கின் உயிர் ஆயிரத்தில் ஒரு பங்கு என்னும் இடமதிப்பில் இருக்கிறது. கால் தினார் என்றால் 250 ஃபில்ஸ் என்று கணக்கிடும் பிள்ளை, கால் என்பது எப்போதும் 25 அல்ல, எதன் கால் என்று கேட்ட பிறகே அதற்கு எண் கிடைக்கும் என்பதை விலையிலேயே கண்டுகொள்கிறது. நூறால் பெருக்கிய வடிவத்தில் இந்தப் பாடம் இல்லை.

தினாரை விட்டுவைத்தால் கணக்கின் தலைப்பில் "1 குவைத் தினார் = 1000 ஃபில்ஸ்" என்ற ஒரு வரி கட்டாயம் வேண்டும்; நாட்டின் பெயரையும் அதில் விடக்கூடாது. அமீரகத்தின் திர்ஹமுக்கு நூறு ஃபில்ஸ்தான்; பெயர் ஒன்றே, மதிப்பின் பங்கு வேறு. ஓமானில் இந்தப் பொறி இன்னும் ஆழமானது. அங்கே ரியாலின் சில்லறைக்குப் பெயரே பைசா, ஆனால் ஒரு ரியாலுக்கு ஆயிரம் பைசா. அதைத் தமிழில் வெறும் பைசா என்று எழுதினால் படிப்பவர் நூறு என்றே எடுத்துக்கொள்வார்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் எண்களைச் சரியாகப் பெயர்த்த பிறகே அலகைப் பற்றிப் பேச முடியும். அரபியில் இரண்டு என்ற எண்ணுக்குப் பெரும்பாலும் தனிச்சொல் வராது, பெயர்ச்சொல்லின் ஈறே அதைச் சொல்லிவிடும். இந்தக் கணக்கில் அப்படி மூன்று இடங்கள் உள்ளன: "கீலோகிராமைன்" என்றால் இரண்டு கிலோகிராம், "உல்பதைன்" என்றால் இரண்டு டப்பா, "மிஅதைன்" என்றால் இருநூறு. முதலாவதைத் தவறவிட்டால் இரண்டரைக் கிலோ ஒன்றரைக் கிலோவாகிவிடும். இரண்டாவதை "தேன் டப்பாக்கள்" என்று பன்மையாக மட்டும் எழுதினால் கணக்கையே போட முடியாது. மூன்றாவதை நூறு என்று படித்தால் தேனின் விலை 3.150 ஆகிவிடும், கணக்கு எந்த முணுமுணுப்பும் இல்லாமல் தவறான விடைக்கு நடக்கும். மூன்றில் இதுதான் ஆபத்தானது. பேரீச்சம்பழத்துக்கான 4.375 தினாரில் வரும் 375 என்பதையும் அரபியில் முந்நூறு, ஐந்து, எழுபது என்ற வரிசையில் சொல்வார்கள். காதால் கேட்டு எழுதுகிறவர் அவசரத்தில் 357 என்று எழுதிவிட வாய்ப்புண்டு.

இலக்கங்களில் எழுதப்பட்ட மூலமானால் வேறு கவனம் தேவை. அரபு நாடுகளின் கிழக்குப் பகுதியில் வழங்கும் இலக்கங்களில் ஐந்து சிறு வட்டமாகவும் சுழியம் வெறும் புள்ளியாகவும் இருக்கும். 1.750 என்பதில் அந்த வட்டத்தைச் சுழியம் என்று எண்ணினால் விலை 1.70 ஆகிவிடும். தசமக் குறியும் காற்புள்ளி போலவே தோன்றுவதால், அதே எண்ணை ஆயிரத்து எழுநூற்று ஐம்பது தினார் என்று படித்துவிடலாம். ஃபில்ஸில் சொன்னால் அது சரிதான் என்பது வேடிக்கை.

நான் செய்யும் சரிபார்ப்பு எளிது. மூலத்தில் உள்ள அளவுகளைத் தமிழைப் பார்க்காமல் முதலில் வரிசையாக எழுதிக்கொள்கிறேன்: 2.5, 1.750, 2, 3.250, 20. பிறகு தமிழ் வடிவத்திலிருந்து அதே பட்டியலை எடுத்து ஒப்பிடுகிறேன். ஐந்தும் ஐந்தும் பொருந்தினால்தான் விடையைக் கணக்கிடத் தொடங்குவேன். கடைசியில் 10.875-ஐயும் 9.125-ஐயும் கூட்டினால் இருபது வர வேண்டும் என்பது கூட்டல் கழித்தலை மட்டுமே உறுதி செய்யும், 3.150 போன்ற பிழையை அது பிடிக்காது. பட்டியல் அதைப் பிடிக்கும்.

நான் எழுதியவை தசமத்தில் ஓரளவு தேர்ந்த பிள்ளைகளுக்கானவை. தசமப் புள்ளியை முதன்முதலாகப் பார்க்கும் வகுப்பில் ஃபில்ஸ் என்ற அறிமுகமில்லாத அலகும் மூன்று தசம இலக்கங்களும் ஒன்றாக வந்தால் என்ன ஆகும் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. அங்கே நூறால் பெருக்கிய ரூபாய்க் கணக்கை முதலில் தந்து, அதே எண்களோடு தினார்க் கணக்கை அடுத்துத் தருவது பொருத்தமாக இருக்கலாம். 912.50 ரூபாயும் 9.125 தினாரும் அடுத்தடுத்து நிற்கும்போது, இலக்கங்கள் மாறாமல் புள்ளி மட்டும் இடம் மாறியிருப்பதை ஆசிரியர் கரும்பலகையில் சுட்டிக் காட்டலாம்.