வெறுங்கையா, ஹுனைனின் காலணியா?

போன காரியம் பலிக்கவில்லை என்பதற்கு அரபியில் இரண்டு தொடர்கள் உண்டு. 'ஆத ஸிஃப்ரல் யதைன்' என்றால் வெறுங்கையோடு திரும்பினான். இதைச் சொல்லுக்குச் சொல் படித்தாலே போதும்.

'ரஜஅ பிகுஃப்பை ஹுனைன்' அப்படியல்ல. 'ஹுனைனின் இரு காலணிகளோடு திரும்பினான்' என்று படிப்பவர் ஏதோ லாபம் என்றே நினைப்பார். சிலர் நபிகள் நாயகம் காலத்து ஹுனைன் போர்வரை போய்விடுவார்கள். மரபுக் கதைப்படி ஹுனைன் என்பவன் ஹீரா ஊர்ச் செருப்புத் தொழிலாளி. நெடுநேரம் பேரம் பேசி வாங்காமல் போன பாலைவனத்தான் மேல் கோபம். அவன் போகும் வழியில் ஒரு காலணியையும், வெகுதூரம் தள்ளி மற்றதையும் போட்டான். ஒற்றைக் காலணி எதற்கென்று முதலாவதைத் தாண்டிப் போனவன், இரண்டாவதைக் கண்டதும் ஒட்டகத்தை அங்கேயே விட்டு முதலாவதை எடுக்கத் திரும்பி ஓடினான். ஒளிந்திருந்த ஹுனைன் ஒட்டகத்தைச் சுமையோடு ஓட்டிக்கொண்டு போய்விட்டான். பாலைவனத்தானுக்கு மிஞ்சியது அந்த இரு காலணிகள்தான்.

அதனால் இத்தொடரில் கேலியும் கலந்திருக்கும். ஆறுதல் சொல்லும் இடத்தில் முதல் தொடரே நல்லது.