மெழுகு வைத்த பேட்டரி பேக்: 2 வருட அனுபவம்

சரக்கு ஏற்றும் மின் சைக்கிளுக்கு நானே கட்டிய பேக் இது, 18650 செல்கள் 52, 13 தொடரில் 4 இணை. செல்களுக்கு நடுவே விசிறியோ தண்ணீர்க் குழாயோ கிடையாது, கிராஃபைட் கலந்த பாரஃபின் மெழுகுக் கட்டி ஒரு கிலோ மட்டும்தான். வெறும் பாரஃபின் வெப்பத்தைக் கடத்தாது, செல்லை ஒட்டியிருக்கும் மெழுகு மட்டும் உருகி மற்றது அப்படியே கிடக்கும், அதனால்தான் கிராஃபைட். இந்த மெழுகு 42 டிகிரி வாக்கில் உருகும், உருகும்போது செல்களின் வெப்பத்தை உள்வாங்கிக்கொள்ளும்.

சமதளத்தில் 20 ஆம்பியர் இழுக்கும்வரை இதைவிட நிம்மதியான அமைப்பு வேறில்லை. மேட்டில் 40 ஆம்பியர் போகும்போதுதான் கணக்கு மாறுகிறது. மின்னோட்டம் இரட்டிப்பானால் வெப்பம் நாலு மடங்கு. செல்லுக்கு 10 ஆம்பியர், உள் மின்தடை 35 மில்லி ஓம், ஆக 3.5 வாட், 52 செல்லுக்கு 182 வாட். கட்டியில் முக்கால் கிலோ மெழுகு, உருக்க கிலோவுக்கு 200 கிலோஜூல் வைத்தால் 150 கிலோஜூல். 14 நிமிடத்தில் முழுதும் உருகிவிடும். என் ஏற்றமும் ஏறக்குறைய 15 நிமிடம்தான், பேக் குளிர்ந்த நிலையில் தொடங்கினால் சூடாகவே சில நிமிடம் பிடிக்கும், அதனால் முதல் தடவை தப்பித்துவிடுவேன்.

பிரச்சினை இரண்டாவது தடவையில். இறங்கி வந்து சார்ஜ் போட்டால் 2 மணி நேரத்தில் பேட்டரி நிரம்பிவிட்டது, ஆனால் மெழுகு உறையவில்லை! அது உள்வாங்கிய வெப்பம் எங்கும் போகவில்லை, பெட்டிச் சுவர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வெளியே 35 டிகிரி என்றால் வித்தியாசம் 7 டிகிரிதான், என் பிளாஸ்டிக் பெட்டியில் 12 வாட்கூட வெளியேறவில்லை, முழுதும் உறைய மூன்றரை மணி நேரம். பேக்கைக் கண்காணித்துக் காக்கும் பிஎம்எஸ் சர்க்யூட்டின் வெப்பநிலைப் பதிவில் இது நன்றாகத் தெரிந்தது. இரண்டாவது ஏற்றத்தில் 8 நிமிடம் 43 டிகிரியில் அசையாமல் நின்ற கோடு, அதன்பின் நிமிடத்துக்கு இரண்டரை டிகிரி வீதம் ஏறி, உச்சிக்குச் சற்று முன்பு 60-ஐத் தொட்டு பேக் துண்டித்துக்கொண்டது. உருகி முடிந்த மெழுகு அந்த நேரத்தில் செல்களைச் சுற்றிய கம்பளிதான்.

அப்புறம் கட்டியோடு ஒட்டிய அலுமினியத் தகடு வைத்து, அதன் துடுப்புகளைப் பெட்டிக்கு வெளியே நீட்டினேன். இப்போது உறைய ஒன்றரை மணி நேரம் ஆகிறது, சார்ஜ் முடிவதற்குள் தயாராகிவிடுகிறது. வெளியே 40-ஐத் தாண்டும் நாட்களில் இந்தத் தகடும் உதவாது, உறையவே உறையாது.

இன்னொன்று, பதிவில் அந்த அசையாமல் நிற்கும் கோடு இப்போது சுருங்கி வருகிறது. மெழுகு கசிந்ததோ என்று கட்டியை எடுத்து எடை போட்டேன், குறையவில்லை. செல்களின் மின்தடைதான் 45 மில்லி ஓம் ஆகிவிட்டது, அதே ஏற்றத்தில் 14 நிமிடம் 11 ஆகிவிட்டது. இந்த ஏற்றத்துக்கு இனி 30 ஆம்பியருக்கு மேல் விடுவதில்லை.