சீனியர் அக்காக்கள் பிபி சொல்லிக்கொடுத்தால்: சில வருஷம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் வேலை. மூன்றாம் வருஷப் பிள்ளைகளை வைத்து முதல் வருஷத்துக்கு ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டைச் சில வருஷமாக நடத்துகிறோம். அது தேறுமா, எங்கே உதைக்கும், தேறியதா இல்லையா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எங்களுக்குத் தெரியவந்ததை எழுதுகிறேன். இதே ஏற்பாட்டில் ஊசி, டிரெஸ்ஸிங் எல்லாம் உண்டு, ஆனால் பிபி மட்டும்தான் சரியா தப்பா என்று எண்ணாகவே சொல்லிவிடும். அதனால் அதோடு நிற்கிறேன்.

முதலில் நல்லது. மேடம் நிற்கிற இடத்தில் கேட்காத கேள்வியை அக்காவிடம் கேட்கிறார்கள். "ஸ்டெத்தில் எனக்கு எதுவுமே கேட்கலைக்கா" என்று ஒரு முதல் வருஷப் பிள்ளை வாத்தியார் முன்னால் சொல்லவே சொல்லாது, தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்துப் பெஞ்ச்சுக்காரி எழுதிய எண்ணைத் தானும் எழுதிக்கொள்ளும். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை என்று தமிழ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளைகள் பாதிக்கு மேல். அவர்களுக்கு எந்த இடத்தில் தடுக்கிறது என்பது இரண்டு வருஷம் முன்னால் அதே இடத்தில் தடுக்கி விழுந்தவளுக்குத்தான் ஞாபகம் இருக்கும். எனக்கு அது மறந்துபோய் ரொம்ப நாளாச்சு. ஸ்டெத்தின் காதுமுனை மூக்கைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும், திருப்பி மாட்டினால் சத்தம் பாதியாகிவிடும் என்பதை எந்தப் பாடக்குறிப்பிலும் நான் எழுதியதில்லை. சீனியர்கள் முதல் நிமிஷத்திலேயே அதைத்தான் சொல்கிறார்கள்.

அமைப்பு எளிது. ஒரு சீனியருக்கு நான்கு அல்லது ஐந்து ஜூனியர், ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வகுப்பு, அவ்வளவுதான். முதல் மார்க் வாங்குகிறவர்களைத் தேடி எடுப்பதில்லை, கேட்டால் பொறுமையாகத் திரும்பச் சொல்கிற பிள்ளையை எடுக்கிறோம். வகுப்பு ஸ்கில் லேபில்தான், கதவு திறந்திருக்கும், ஆசிரியர் ஒருவர் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருப்பார். ராகிங் பயத்தில் சீனியரும் ஜூனியரும் பேசவே கூடாது என்று வைத்திருக்கிற கல்லூரிகளில் நிர்வாகத்தைச் சம்மதிக்க வைக்க இந்த ஒரு ஏற்பாடு போதும். ஒருவர் கையில் ஒருவர் பழகுவதால் பெண் பிள்ளைகளைப் பெண் பிள்ளைகளோடே சேர்க்கிறோம். முழுக்கை போட்டு வருகிறவர்கள் இங்கே நிறைய. இறுக்கமான கையைச் சுருட்டி மேலேற்றினால் அதுவே கயிறு கட்டிய மாதிரி அழுத்தி அளவைக் கெடுக்கும், அதனால் அன்றைக்குத் தளர்ந்த கை போட்டு வரச் சொல்லிவிடுவோம்.

சொல்லிக்கொடுக்கும் முறைக்கு பெய்டன் என்கிற அறுவை மருத்துவர் 1998-இல் எழுதிய நான்கு படிகள். சீனியர் முதலில் பேசாமல் செய்து காட்டுவார். அடுத்து விளக்கிக்கொண்டே செய்வார். மூன்றாவதில் ஜூனியர் வாயால் சொல்லச் சொல்ல சீனியர் கை செய்யும். நாலாவதில் ஜூனியரே செய்வார். நேரம் போதவில்லை என்றால் எல்லாரும் வெட்டுவது மூன்றாவதை, ஆனால் விஷயமே அங்கேதான். ஜூனியர் "பட்டையைக் கட்டுங்க, காற்றை ஏத்துங்க" என்று சொல்லிக்கொண்டே போய் மணிக்கட்டில் நாடியைத் தொடுவதை விட்டுவிட்டால், சீனியரும் தொடாமலே ஏற்றுவார். எது மனசில் ஏறவில்லை என்று அங்கேயே வெட்டவெளிச்சமாகிவிடும்.

சரி, இப்போது சிக்கலுக்கு வருகிறேன். முதல் வருஷக் கருத்துப் படிவங்களைப் பார்த்தால் எல்லாம் அமோகம், எல்லாரும் "மிகவும் பயனுள்ளது" என்று டிக் அடித்திருந்தார்கள். கடைசியில் ஆஸ்கி தேர்வு வைத்தோம், அதாவது ஒவ்வொரு மேஜையாக நகர்ந்து செய்துகாட்டும் தேர்வு (1975-இல் டண்டீயில் ஹார்டன் கொண்டுவந்தது), அதிலும் பட்டியலில் இருந்த எல்லாப் படிக்கும் எல்லாருக்கும் ஏறக்குறைய முழு மார்க். எல்லாரும் முழு மார்க் வாங்குகிற தேர்வு எதையும் பிரித்துக் காட்டாது. நோயாளியிடம் தன்னை அறிமுகம் செய்தாரா, பட்டையை முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே கட்டினாரா என்று படிகளைத்தான் பார்த்தோமே தவிர, எழுதிய எண் சரியா என்று பட்டியலில் எங்கேயும் இல்லை.

உண்மையைக் காட்டியது ஜூனியர்களின் பயிற்சி நோட்டு. இதைச் செய்ய ஒரு பைசா செலவில்லை, யார் வேண்டுமானாலும் செய்யலாம். பிபி டயலில் கோடுகள் இரண்டு இரண்டாக இருக்கும், ஆகவே சரியாகப் படித்தால் கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 ஐந்தும் கிட்டத்தட்ட சமமாக வரவேண்டும், ஐந்தில் ஒரு பங்கு வீதம். கொஞ்சம் பூஜ்யம் தூக்கலாக இருப்பது எல்லா இடத்திலும் உள்ளதுதான். ஆனால் ஒரு குழுவின் நோட்டில் அறுபது அளவில் நாற்பதுக்கு மேல் பூஜ்யம். பன்னிரண்டு வாக்கில் வந்திருக்க வேண்டியது. 120, 110, 130, கீழே 80, 70, 80. நாலு பேரும் அப்படித்தான், நாலு பேருக்கும் ஒரே அக்கா.

போய் உட்கார்ந்து பார்த்தோம். அந்த அக்கா நல்லாத்தான் சொல்லிக்கொடுக்கிறாள், ஆனால் வால்வைத் திறந்ததும் முள் சர்ரென்று இறங்குகிறது. நொடிக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர்தான் இறங்கவேண்டும். நாடி நிமிஷத்துக்கு 72 என்றால் இரண்டு துடிப்புக்கு நடுவே முக்கால் நொடிக்குக் கொஞ்சம் மேல். முள் நொடிக்கு 10 இறங்கினால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் எட்டு மில்லிமீட்டர் ஓடிவிடும். முதல் சத்தம் உண்மையில் எங்கே ஆரம்பித்தது என்று யாருக்கும் சொல்ல முடியாது, மேல் எண் குறைவாகத்தான் விழும், அப்புறம் கை தன்னால் பக்கத்துப் பூஜ்யத்தை எழுதிவிடும். ஏன் இவ்வளவு வேகம் என்று கேட்டால், வார்டில் காலை டியூட்டியில் முப்பது பேருக்குப் பார்க்கணும், இருப்பது ஒரு மெஷின், நின்று நிதானமாய் இறக்கினால் ரவுண்ட்ஸ் வந்துவிடும் என்றாள். அவள் சோம்பேறி இல்லை. வார்டு பழக்கிய கை அது, அந்தக் கை இப்போது இன்னும் நாலு கையைப் பழக்குகிறது. சீனியர் வழிப் பயிற்சியின் நிஜமான ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன். தெரியாததைச் சொல்லிக்கொடுப்பது அபூர்வம். குறுக்குவழியைச் சரியான வழி மாதிரிச் சொல்லிக்கொடுப்பதுதான் அடிக்கடி.

இன்னொரு குறுக்குவழி, நாடியைத் தொட்டுப் பார்க்காமல் நேராக 160-க்கு ஏற்றுவது. பாம்பன் பக்கம் ஒரு முகாமுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போயிருந்தோம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது) ஆண்களும் வரிசையில் நின்றார்கள். ஒரு பெரியவருக்கு சீனியர் பார்த்து 148 என்று எழுதிவிட்டாள். பழகுவதற்காக மறுபடி பார்த்த ஜூனியர் கொஞ்ச நேரம் திருதிருவென்று முழித்துவிட்டு, "அக்கா, எனக்கு நூத்தி எண்பத்தெட்டு வருது" என்றது.

"இப்பதானே பார்த்தேன். நூத்தி நாப்பத்தெட்டு."

"இல்லக்கா, நாடி நூத்தி எண்பத்தாறுலதான் நின்னுச்சு."

ஜூனியர் படிப்படியாகச் செய்திருக்கிறது. மணிக்கட்டு நாடி எங்கே மறைகிறது என்று பார்த்து, அதற்கு மேல் 30 ஏற்றி, மெதுவாக இறக்கியிருக்கிறது. 188-இல் சத்தம் ஆரம்பித்து, 168 வாக்கில் காணாமல் போய், 148-இல் திரும்ப வந்திருக்கிறது. வயதான, ரத்த அழுத்தம் கூடிய சிலருக்கு நடுவில் இப்படிச் சத்தமில்லாத இடைவெளி விழும். 160-க்கு ஏற்றியவள் அந்த இடைவெளிக்குள்ளேதான் இறங்கியிருக்கிறாள், முதலில் கேட்ட சத்தத்தையே மேல் எண் என்று எழுதிவிட்டாள். நாற்பது புள்ளி காணாமல் போய்விட்டது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்கிற இரட்டைக் குழல் ஸ்டெத்தை வைத்து நானும் கேட்டேன், ஜூனியர்தான் சரி. பெரியவரை உடனே டாக்டரிடம் அனுப்பினோம். நாடியைத் தொடுவது எதற்கு என்று அந்த பேட்சில் அப்புறம் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு மாற்றியது மூன்று. சொல்லிக்கொடுக்கும் முன் சீனியரும் அதே தேர்வைத் தேறவேண்டும், பாதி வழியில் ஒரு தரம் மறுபடியும். ஆஸ்கியில் எண்ணையும் சேர்த்தோம்: இரட்டை ஸ்டெத்தில் ஆசிரியரும் மாணவியும் கேட்டுத் தனித்தனியாகத் தாளில் எழுதுவார்கள், வித்தியாசம் 4-க்குள் இருந்தால்தான் தேர்ச்சி. தன் குழுவுக்குத் தானே மார்க் போடக்கூடாது, மார்க் போடும் ஆசிரியருக்கும் யார் எந்தக் குழு என்று தெரியக்கூடாது. முதல் தரம் இப்படி வைத்தபோது முழு மார்க் மாயமாய் மறைந்தது, நிர்வாகம் பதறியது, எனக்கு நிம்மதி.

ஆசிரியர் சொல்லிக்கொடுப்பதை விட இது மேலா கீழா என்று பார்க்க, ஒரு பேட்சைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தோம். பிபிக்கு முதல் பாதி சீனியரிடம், மற்றவர்கள் எங்களிடம். அடுத்த பாடத்துக்கு இடம் மாற்றிக்கொண்டார்கள், அதனால் யாருக்கும் குறை வைக்கவில்லை. நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதல் வாங்கி, இந்த மார்க் இன்டர்னலில் சேராது என்று எழுதியே கொடுத்தோம். முடிந்த கையோடு வைத்த தேர்வில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆறு வாரம் கழித்து வைத்ததில் இரண்டு பக்கமுமே இறங்கியிருந்தது, குறிப்பாக மெதுவாக இறக்குவதில். எங்களைப் போன்ற சின்ன பேட்சை வைத்து "சமம்" என்று அடித்துச் சொல்ல முடியாது, பெரிதாகக் கீழே போனதாகத் தெரியவில்லை என்று மட்டும் சொல்லலாம். இடையில் ஒரு தரம் மறுபடி பழக வைக்காமல் விட்டால் யார் சொல்லிக்கொடுத்தாலும் கரைந்துபோகிறது, அதனால் இப்போது ஆறாவது வாரத்தில் ஒரு திரும்பப் பழகும் வகுப்பு உண்டு.

ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு: முதல் செலவு இரட்டை ஸ்டெத், அடுத்தது பட்டைகள். இங்கே கடற்பாசி எடுக்கும் பெண்களின் ஒல்லிக் கையும் வலை இழுத்துத் திரண்ட கையும் ஒரே பெஞ்ச்சில் உட்காரும். சுற்றளவு 27 முதல் 34 செ.மீ. வரைக்குமான சாதாரணப் பட்டையை 38 செ.மீ. கையில் கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும், 24 செ.மீ. கையில் கட்டினால் குறைத்துக் காட்டும். உப்புக் காற்றில் ரப்பர் சீக்கிரம் வெடிக்கிறது, வால்வு திருகும்போது சிக்கிச் சிக்கி விடுகிறது. அப்படிப்பட்ட வால்வில் எந்த அக்காவாலும் நொடிக்கு இரண்டு இறக்கிக் காட்ட முடியாது. முள் பூஜ்யத்தில் நிற்கிறதே என்று நம்பவும் கூடாது, இன்னொரு நல்ல மெஷினோடு ஒய் குழாயில் இணைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

தீராதது ஒன்று. நன்றாகப் பழகிய சீனியர்கள் நான்காம் வருஷ போஸ்டிங்குக்குப் போய்விடுகிறார்கள், ஒவ்வொரு ஜூலையும் புதுசாக ஆரம்பிக்கிறோம். போகிறவள் வருகிறவளின் முதல் வகுப்பில் கூட உட்காரட்டும் என்று கேட்டிருக்கிறோம். டைம்டேபிள் போடுகிறவர் இன்னும் பதில் சொல்லவில்லை.