தும்பிக்கை ‘லை’யா, கொம்பு ‘லை’யா? ஒரு மறுபதிப்புக்காக இரண்டு வடிவங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது

என் பாட்டனார் 1957இல் எழுதி அச்சிட்ட 72 பக்க ஊர் வரலாற்று நூலை மறுபதிப்புச் செய்யும் பொறுப்பு கடந்த ஆண்டு என்னிடம் வந்தது. வெள்ளவத்தையில் உள்ள எங்கள் வீட்டில் எஞ்சியிருந்த ஒரே பிரதியின் தாள்கள் தொட்டால் நொறுங்கும் நிலையில் இருந்தபடியால், முழு நூலையும் புதிதாகத் தட்டச்சுச் செய்யவேண்டியதாயிற்று. அப்போதுதான் ஒரு கேள்வி எழுந்தது: மூலநூலில் உள்ளபடி பழைய எழுத்து வடிவங்களிலேயே அச்சிடுவதா, இன்று எல்லோரும் படிக்கும் சீர்திருத்த வடிவங்களில் அச்சிடுவதா? இரண்டையும் பல வாரங்கள் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தபின் பழைய வடிவத்தையே தேர்ந்தேன். அதன் காரணங்களை, தயக்கங்களோடு சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

மாறியவை எவை என்பது பலருக்கும் தெரிந்ததுதான். ணா, றா, னா ஆகிய மூன்றிலும் கால் தனியாக நில்லாமல், மெய்யின் வலக்கோடு கீழே இறங்கிச் சுழித்து அதனோடு ஒன்றாகிவிடும். ணை, லை, ளை, னை ஆகிய நான்கிலும் இணைக்கொம்பு முன்னால் நில்லாமல், யானையின் தும்பிக்கைபோல எழுத்தின் தலையில் ஒட்டிக்கொள்ளும். ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ என்ற ஆறும் முதல் மூன்றின் வழிவந்தவை. ஆக மொத்தம் 13 எழுத்துகள். பெரியார் 1935இல் தம் ‘குடி அரசு’ இதழில் இவற்றைப் பிற எழுத்துகளின் ஒழுங்குக்குக் கொண்டுவந்து அச்சிடத் தொடங்கினார். தமிழ்நாடு அரசு 1978இல் அதை ஆணையாக்கியது. ஐ, ஔ என்பவற்றை அய், அவ் என எழுதலாம் என்ற அவருடைய கருத்து நிலைபெறவில்லை. தமிழ்நாட்டு ஆணை இலங்கையைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் அச்செழுத்தும் பின்னர் கணினி எழுத்துருவும் புதிய வடிவிலேயே கிடைத்தபோது, இங்கும் பக்கங்களின் தோற்றம் மாறிப்போனது.

அச்சுக்கூடத்தின் கண்கொண்டு பார்த்தால் 13 என்ற எண் சற்றுத் தவறான எண்ணத்தைத் தருகிறது. ணொ என்பதை அச்சுக்கோப்பவர் ஒரு கொம்பையும் பழைய ணாவையும் அடுத்தடுத்து வைத்தே அமைத்தார். ணோவுக்கு இரட்டைக்கொம்பும் அதே ணாவும் போதும். ஆகவே எழுத்துப் பெட்டியில் இவற்றுக்காகக் கூடுதலாகத் தேவைப்பட்ட அச்செழுத்துகள் ஏழுதான்: மூன்று ஆகார வடிவங்கள், நான்கு ஐகார வடிவங்கள். உகர ஊகார வரிசைகளுக்கு மட்டும் 36 தனி அச்செழுத்துகள் வைத்திருந்த பெட்டியில் ஏழைக் குறைத்தது பெரிய சிக்கனம் அன்று. சீர்திருத்தத்தின் உண்மையான ஆதாயம் கற்பித்தலில் கிடைத்தது. கா, சா, தா என்று கற்ற பிள்ளை ணா, றா, னாவையும் அதே விதியில் எழுத முடிந்தது. இதைக் குறைத்து மதிப்பிட நான் விரும்பவில்லை.

இன்னொன்றையும் சீர்திருத்தத்தின் பக்கம் சேர்க்கவேண்டும். நம் நாட்டில் பிறமொழிப் பெயர்களைத் தமிழில் எழுதும்போது றகரத்தைச் சொல்லின் முதலிலேயே வைக்கும் வழக்கம் உண்டு. றோயல் கல்லூரி, றொபேட் என்றெல்லாம் எழுதுகிறோம். தமிழ்நாட்டில் அருகியே வரும் றோ, றொ போன்ற எழுத்துகள் இங்கே அன்றாடப் புழக்கத்தில் இருப்பதால், அவற்றின் பழைய வடிவம் தரும் தடுமாற்றமும் இங்கே அதிகம். எட்டாம் தரத்தில் படிக்கும் என் பெறாமகளிடம் பழைய வடிவில் அச்சிட்ட இரண்டு பக்கங்களைக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னேன். ‘இல்லை’, ‘பிள்ளை’ போன்ற சொற்களில் அவள் ஒருமுறை நின்று, பிறகு தயங்காமல் போனாள். றாவிலும் ணாவிலும் மூன்றாம் முறையும் நின்றாள். ஒரே ஒரு பிள்ளையைக் கொண்டு பொதுவிதி எதையும் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் வீட்டு முதியவர்களின் கையெழுத்தும் இதையே காட்டுகிறது. புதிய ணாவுக்கு மாறிவிட்ட பலர் தும்பிக்கை லையை மட்டும் இன்னும் விடவில்லை.

அந்த நான்கு எழுத்துகள் ஏன் தனி வடிவம் பெற்றன என்பதற்கு எனக்குத் தோன்றும் விளக்கம் இது. ண, ன, ல, ள ஆகிய நான்கும் இடப்பக்கத்தில் சுழியோடு தொடங்குபவை. இணைக்கொம்போ தானே இரண்டு சுழிகளால் ஆனது. இரண்டையும் அருகருகே வைத்தால் சுழிகள் வரிசையாக நின்று, எது குறி, எது எழுத்து என்று கண் பிரித்தறியவேண்டியதாகிறது. ஓலையில் எழுத்தாணியைத் தூக்காமல் எழுதியவர்களுக்கு இணைத்து எழுதுவது இயல்பாகவும் வந்திருக்கும். சீர்திருத்தத்துக்குப் பின் இந்தச் சிக்கலை எழுத்துரு வடிவமைப்பவர்களே தாங்க நேர்ந்தது. அவர்கள் இணைக்கொம்பை ஒடுக்கவேண்டும், ஆனால் கொம்பு என்று தெரியாத அளவுக்கு ஒடுக்கவும் கூடாது. சுழிகளின் உள்வெளி மை ஊறி அடைபடாமலும் பார்க்கவேண்டும். 9 புள்ளி அளவில் ‘துணையினை’ என்ற சொல்லை மலிவான தாளில் அச்சிட்டுப் பார்த்தால் இந்தக் கடினம் உடனே புலப்படும். ‘வண்ணார்பண்ணையிலிருந்து பிள்ளைகளை அழைத்து வந்தவர் யாருமில்லை’ என்ற பாட்டனாரின் வாக்கியத்தில் இத்தகைய எழுத்துகள் நான்கு இருக்கின்றன. பழைய வடிவில் அந்த வரி நான்கு குறிகளின் அகலத்தை மிச்சப்படுத்துகிறது. முழு நூலிலும் எனக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பக்கம் குறைந்தது.

எனினும் அழகும் அகலமும் மட்டும் இருந்திருந்தால் நான் சீர்திருத்த வடிவத்தோடு நின்றிருப்பேன். தீர்மானித்தது வேறொன்று: அச்சான கோப்பின் அடியில் இருக்கும் பனுவல் எந்த நிலையில் நிலைக்கும் என்ற கேள்வி.

நான் முதலில் அணுகிய அச்சகம் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து தருவதாகச் சொன்னது. பாமினியில் ஒவ்வொரு வடிவமும் ஓர் ஆங்கில விசையின் இடத்தில் அமர்ந்திருக்கிறது. ‘மலை’ என்பது கோப்பில் `kiy` என்றே பதிவாகும். பழைய லை வேண்டுமானால் அதற்கென இன்னோர் இடம் தேடவேண்டும். அப்போது வடிவம் மாறும்போதெல்லாம் பனுவலும் மாறும், இன்னொரு கணினியில் திறந்தால் எதுவும் விளங்காது. யூனிகோடில் நிலைமை நேர்மாறானது. அங்கே ‘லை’ என்பது லகரமும் ஐகாரக் குறியும் அடுத்தடுத்து நிற்பது மட்டுமே (`U+0BB2`, `U+0BC8`). அது தும்பிக்கையோடு தெரிவதா கொம்போடு தெரிவதா என்பதை எழுத்துருவுக்குள் இருக்கும் மாற்று விதிதான் முடிவு செய்கிறது. ஆகவே ஒரே பனுவலுக்கு இரண்டு தோற்றங்கள் தரமுடியும்.

பழைய வடிவங்களைத் தரும் யூனிகோட் எழுத்துருக்கள் சிலவே. லோகித் தமிழ் கிளாசிக்கல் அவற்றுள் ஒன்று. எனக்கு நூலுக்குரிய தடித்த, மெலிந்த கோடுகள் வேண்டியிருந்ததால், திறந்த உரிமமுள்ள வேறோர் எழுத்துருவை எடுத்து, எழுத்துரு வரையும் ஃபொண்ட்ஃபோர்ஜ் மென்பொருளில் ஏழு வடிவங்களை மூலநூலின் பக்கங்களைப் பார்த்து வரைந்து சேர்த்தேன். விதிகள் இவ்வாறு அமைந்தன:

```
feature pres {
  sub ai la by uni0BB20BC8;
} pres;
feature psts {
  sub nna aa by uni0BA30BBE;
} psts;
```

முதல் விதியில் ஐகாரக் குறி லகரத்துக்கு முன்னால் எழுதப்பட்டிருப்பதைக் கவனிக்கவேண்டும். பனுவலில் குறி பின்னால் வந்தாலும், எழுத்தைக் கோக்கும் மென்பொருள் அதை முன்னால் நகர்த்திய பிறகே இந்த விதியைப் பார்க்கிறது. நான் முதலில் வரிசையை மாற்றி `la ai` என்று எழுதியிருந்தேன். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை, வடிவமும் மாறவில்லை, காரணம் புரிய இரண்டு நாள் ஆயிற்று. ணொ, ணோவுக்குத் தனி விதி வேண்டியிருக்கவில்லை. மென்பொருள் அவற்றைக் கொம்பு, ண, கால் என்று பிரித்துவிடுவதால் ணாவுக்கான விதியே அவற்றையும் கவனித்துக்கொள்கிறது. ஈய எழுத்துப் பெட்டியில் இருந்த அதே கணக்கு, 13 எழுத்துக்கு ஏழு வடிவம், கணினியிலும் திரும்பி வந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

இனி அந்தத் தீர்மானமான காரணம். சீர்திருத்த வடிவில் அமைத்த பல பீடிஎஃப் கோப்புகளிலிருந்து ஒரு வரியைப் படியெடுத்து ஒட்டினால் ‘இல்லை’ என்பது ‘இல்ைல’ என்று வந்து விழுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். கோப்பில் வடிவங்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில், அதாவது கொம்பு முன்னும் லகரம் பின்னுமாக இருப்பதும், படிக்கும் மென்பொருள் அதே வரிசையைத் திருப்பித் தருவதுமே இதற்குக் காரணம். அந்தக் கோப்பில் ‘இல்லை’ என்று தேடினால் அகப்படாது. பழைய வடிவில் லை முழுவதும் ஒற்றை வடிவம். அதன் பெயரிலேயே (`uni0BB20BC8`) லகரம் முதலிலும் ஐகாரம் பின்னும் என்ற சரியான வரிசை பொதிந்திருப்பதால், படியெடுக்கும்போது பிழையின்றி வருகிறது. நூலின் இரண்டு பீடிஎஃப் கோப்புகளை ஒரே பனுவலிலிருந்து உண்டாக்கி, ‘பிள்ளை’, ‘இல்லை’, ‘துணை’ என்று தேடிப் பார்த்தேன். பழைய வடிவக் கோப்பில் மூன்றும் கிடைத்தன. மற்றதில் ஒன்றும் கிடைக்கவில்லை. வடிவத்துக்கு `lai.old` என்பதுபோல் மனம்போனபடி பெயர் வைத்தால் இந்தப் பயன் போய்விடும். ஆகவே பெயரிட்டதும் முதலில் தேடிப் பார்ப்பதே நல்லது.

இதன் எல்லையையும் சொல்லவேண்டும். கை, தை, வை, மை முதலியவை பழைய அச்சிலும் கொம்போடு நின்றவையே. ‘கொழும்பு’ என்ற பெயரிலும் கொம்பு முன்னால்தான் நிற்கிறது. அவற்றில் அதே கோளாறு இன்னும் இருக்கிறது. பழைய ணொவிலும் கொம்பு தனியாகவே வருவதால் அங்கும் பயனில்லை. சில அமைப்பு மென்பொருள்கள் சரியான பனுவலைக் கோப்புக்குள் மறைவாகச் சேர்த்து இந்தக் குறையை முழுவதுமே நீக்கிவிடுகின்றன. அத்தகைய ஒன்றைப் பயன்படுத்துவோருக்கு என் வாதத்தின் வலு குறையும். தடித்த எழுத்துக்கும் தலைப்புக்கும் இந்த ஏழையும் மீண்டும் வரையவேண்டியிருந்தது என்பதும் சிறிய வேலையன்று.

கைபேசியில் படிப்பவர்களுக்கு அதே பனுவலைச் சீர்திருத்த வடிவில் அனுப்புகிறேன். அதற்காக ஒரு எழுத்தையும் திருத்தவேண்டியிருக்கவில்லை. அச்சு நூலின் முதற்பக்கத்தில், முன்னுரைக்கு மேலே, ஏழு பழைய வடிவங்களும் அவற்றுக்கு நேரே இன்றைய வடிவங்களும் ஒரே வரியில் நிற்கின்றன. அந்த வரியில் றாவை முதலில் வைக்கச் சொன்னவள் என் பெறாமகள்.