காசு வெட்டுப்பட்டது, ஆப் திறக்கவில்லை: காத்திருப்பதா, ஆப் கம்பனியா, வங்கியா?

மலையகத்திலிருந்து இந்திய ஆப் ஒன்றுக்கு யூபிஐ என்ற இந்திய போன் கட்டண முறையில் காசு கட்ட வேண்டுமென்றால் ஆப் இங்கே இருக்கும், கட்டுகிற கை அங்கே இருக்கும். நம்மிடம் உள்ளது இலங்கை வங்கிக் கணக்கு; யூபிஐக்கு இந்தியக் கணக்கு வேண்டும். 2024 பெப்ரவரி 12 அன்று இலங்கையிலும் யூபிஐ தொடங்கியது உண்மைதான். ஆனால் அது இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் நுவரெலியாக் கடையில் லங்காக்யூஆரை ஸ்கேன் செய்து காசு கொடுப்பதற்கான வழி. நம் கணக்கிலிருந்து அங்கே கட்டுவதற்கு அல்ல. அதனால் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் நீலகிரிப் பக்கம் போன சொந்தத்தில் யாரையாவதுதான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஹட்டனில் உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலம் கற்றுத்தரும் ஆப்புக்கு மாதம் 499 இந்திய ரூபா. கட்டண லிங்கை வாட்ஸ்அப்பில் கோத்தகிரி மாமாவுக்கு அனுப்புகிறாள். மார்ச் 3 இரவு மாமா பின் நம்பரை அடிக்கிறார். திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது. வங்கியிலிருந்து 499 போய்விட்டதாக எஸ்எம்எஸ் வருகிறது. ஹட்டனில் பாடங்கள் பூட்டியபடியே கிடக்கின்றன.

இப்போது காத்திருக்கலாம், ஆப் கம்பனியைப் பிடிக்கலாம், வங்கியில் முறையிடலாம். “இன்னொருக்கா கட்டிப் பாருங்க மாமா” என்பது நான்காவது வழி. அதை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. முதல் காசு எங்கே நிற்கிறது என்று தெரியாமல் இரண்டாவதையும் அனுப்பினால் தேட வேண்டியது இரண்டாகிவிடும்.

எந்த வழி நல்லது என்பதை மாமாவின் யூபிஐ ஆப்பில் உள்ள ஒரு சொல் சொல்லிவிடும். எஸ்எம்எஸ்ஸை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. காசு முதலில் மாமாவின் வங்கியில் கழிகிறது. பிறகு ஆப் கம்பனிக்காகக் காசு வாங்கும் வங்கியில் சேர்கிறது. கடைசியாக “வந்துவிட்டது” என்ற தகவல் ஆப்பின் சேர்வருக்குப் போய், அதன் பிறகுதான் பூட்டுத் திறக்கிறது. எஸ்எம்எஸ் முதல் படியை மட்டும் சொல்கிறது. மற்ற இரண்டில் எது அறுந்தது என்பதுதான் கேள்வி.

திரையில் Failed அல்லது Pending என்று இருந்தால் காத்திருப்பதே மேல். காசு மறுபக்கம் உறுதியாகவில்லை. யார் காலில் விழுந்தாலும் அந்தக் கணக்கு வங்கிகளுக்கிடையில்தான் தீர வேண்டும். இதற்கு இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டெம்பரில் கெடு வைத்தது. ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய காசு சேராவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். வியாபாரிக்குக் கட்டி, அவர் பக்கத்துக்கு உறுதி போகாவிட்டால் 5 நாட்களுக்குள் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபா நட்டஈடு, அதுவும் கேட்காமலே. ஆப்புக்குக் கட்டுவது இரண்டாவது வகை. ஆகவே நம் உதாரணத்தில் கடைசி நாள் மார்ச் 8. விடுமுறையைக் கழிக்கத் தேவையில்லை, நாட்காட்டி நாள்தான். 11ஆம் திகதி காசு திரும்பினால் 3 நாள் தாமதம். 499உடன் 300 ரூபாவும் வர வேண்டும். வராவிட்டால் மாமா வங்கியிடம் கேட்கலாம், கேட்க வேண்டும்.

Success என்று இருந்தால் கதை தலைகீழ். பலரும் இங்கேதான் 5 நாள், 10 நாள் என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். காசு கம்பனியின் பக்கம் சேர்ந்துவிட்டது. அறுந்தது கடைசித் தகவல் மட்டும். வங்கியின் பார்வையில் இது முடிந்துபோன கொடுக்கல் வாங்கல், தானாகத் திரும்ப எந்தக் காரணமும் இல்லை. நட்டஈட்டு விதியைக் காட்டினாலும் வங்கி “காசு சேர்ந்துவிட்டதே” என்றுதான் சொல்லும். இங்கே ஆப் கம்பனிதான் முதல் கதவு. அவர்கள் நினைத்தால் சில நிமிடங்களில் காசைத் தேடிப் பிடித்துப் பூட்டைத் திறந்துவிடலாம்.

ஆனால் நம்மவர்களின் முறைப்பாடு இந்தக் கதவில்தான் சிக்குகிறது. காரணம், ஆதாரம் இரண்டு நாட்டில் பிரிந்து கிடக்கிறது. பிள்ளை தன் ஈமெயிலிலிருந்து “காசு கட்டினேன்” என்று எழுதுவாள்; அவள் பெயரில் எந்தக் காசும் வந்திருக்காது. மாமா எழுதினால் அவர் பெயரில் ஆப் கணக்கே இருக்காது. கம்பனிக்காரர் இருவருக்கும் ஒரே பதிலை அனுப்பிவிடுவார். ஆகவே ஒரே கடிதத்தில் இரண்டையும் சேர்க்க வேண்டும்: மாமாவின் யூபிஐ ஆப்பில் UTR என்று காணும் 12 இலக்க எண், திகதி, நேரம், தொகை, அவருடைய யூபிஐ முகவரி, அத்துடன் பிள்ளை ஆப்பில் பதிந்த ஈமெயில் அல்லது போன் எண், கட்டணப் பக்கத்தில் காட்டிய ஓர்டர் எண். எழுதுவது பிள்ளையாக இருப்பது நல்லது, திறக்க வேண்டியது அவளுடைய கணக்கு. காசைத் திருப்பித் தருவதாக இருந்தால் கட்டிய கணக்குக்கே போகும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்; ஹட்டனுக்கு வராது.

ஆப் கம்பனியின் நம்பரைக் கூகுளில் தேடி அழைக்க வேண்டாம். போலி நம்பர்கள் அங்கே நிறைய. ஆப்புக்குள்ளே இருக்கும் உதவிப் பக்கமே போதும். காசைத் திருப்பித் தர யாராவது பின் நம்பர் கேட்டால் அத்துடன் பேச்சை முடித்துவிடலாம், யூபிஐயில் காசு வாங்கப் பின் தேவையே இல்லை.

பிளே ஸ்டோர் வழியாக வாங்கியிருந்தால் மட்டும் இந்தத் தீர்ப்பு மாறும். அங்கே ஓர்டர் எண் GPA என்று தொடங்கும். வாங்கியதை ஆப் 3 நாட்களுக்குள் ஏற்றுக்கொண்டதாகக் கூகுளுக்குச் சொல்லாவிட்டால் கூகுளே அதை ரத்துச் செய்து காசைத் திருப்பிவிடும். ஆகவே அந்த 3 நாளும் பொறுத்திருப்பதில் அர்த்தம் உண்டு. மாமாவின் போனிலிருந்து வாங்கியிருந்தால் சந்தா அவருடைய கூகுள் கணக்கில் ஒட்டியிருக்கக்கூடும் என்பதையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

வங்கிக் கதவு மெதுவானது, ஆனால் வலுவானது. Pendingஇல் கெடு தாண்டினாலோ, Successஇல் கம்பனி வாயைத் திறக்காவிட்டாலோ அங்கே போகலாம். கடிதம் எழுதுவதை விட, மாமா தன் யூபிஐ ஆப்பில் அந்தக் கொடுக்கல் வாங்கலைத் திறந்து, அதிலேயே முறைப்பாடு பதிவது நல்லது. அப்போது UTR தானாகவே கூடப் போகும், முறைப்பாட்டு எண்ணும் கிடைக்கும். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மனிடம் cms.rbi.org.in தளத்தில் போகலாம். ஒம்புட்ஸ்மன் விசாரிப்பது வங்கி போன்ற நிறுவனங்களை. ஆங்கில ஆப் கம்பனி மீதான குறைக்கு இந்தியாவின் 1915 நுகர்வோர் எண்தான். இரண்டையும் மாமாதான் செய்ய வேண்டும். இலங்கை மத்திய வங்கிக்கு எழுதிப் பயனில்லை, வெட்டுப்பட்டது இந்தியக் கணக்கு.

மாதச் சந்தா என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காசு திரும்பி வந்தாலும், ஒவ்வொரு மாதமும் தானாகக் கழிக்க மாமா கொடுத்த அனுமதி உயிரோடு இருக்கலாம். இரண்டு தடவை முயன்றிருந்தால் இரண்டு அனுமதி. அவருடைய யூபிஐ ஆப்பில் Autopay பகுதியைத் திறந்து, வேண்டாததை ஏப்ரல் 3க்கு முன்னரே ரத்துச் செய்யச் சொல்லுங்கள்.